திரும்பி வந்த சரக்கை எந்த விலைக்கு ஸ்டாக்கில் ஏற்றுவது?

கேள்வி: சின்னதா ஒரு வியாபாரம் பண்றேன், கணக்கும் நானே எழுதுறேன். கடனுக்கு வாங்கிட்டுப் போன ஒரு கஸ்டமர் அஞ்சு பீஸைத் திருப்பி அனுப்பிட்டார். விற்பனையைக் குறைச்சு என்ட்ரி போட்டுட்டேன். ஆனா ஸ்டாக்கை எந்த விலைக்கு உள்ளே எடுக்கணும்? வித்த விலைக்கா, வாங்கின விலைக்கா? நடுவுல வாங்குற விலையும் ஏறிடுச்சு. அஞ்சுல ரெண்டு உடைஞ்சு வேற வந்திருக்கு.

பதில்: விற்ற அன்று எந்த அடக்க விலைக்கு அந்தச் சரக்கு உங்கள் ஸ்டாக் கணக்கிலிருந்து வெளியே போனதோ, அதே விலைக்குத்தான் உள்ளே வர வேண்டும். விற்ற விலைக்கு இல்லை, இன்று வாங்கும் விலைக்கும் இல்லை. உடைந்து வந்த இரண்டும் நல்ல ஸ்டாக்கில் சேராது, அதைத் தனியாகக் கையாள வேண்டும். ஏன் இப்படி என்பதை ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் விதியை மனப்பாடம் செய்பவர்கள்தான் அடுத்த முறை வேறு மாதிரி சரக்கு திரும்பி வந்ததும் தடுமாறுகிறார்கள்.

உங்கள் சரக்கு மேசை விளக்கு என்று வைத்துக்கொள்வோம். கையில் 100 விளக்கு, ஒன்றின் அடக்கம் 60, ஆக ஸ்டாக் 6,000. அதில் 40 விளக்கை ஒன்று 100 வீதம் கடனுக்கு விற்கிறீர்கள். அன்றைக்கு நடந்தது உண்மையில் இரண்டு விஷயம். ஒன்று, கஸ்டமர் உங்களுக்கு 4,000 தர வேண்டும், அது வருமானம். இன்னொன்று, 2,400 அடக்கமுள்ள சரக்கு உங்கள் கையை விட்டுப் போனது, அது செலவு. ஸ்டாக் கணக்கைத் தொடர்ந்து எழுதி வருபவர் இதற்கு இரண்டு பதிவு போட்டிருப்பார்:

கஸ்டமர் கணக்கு பற்று 4,000. விற்பனைக் கணக்கு வரவு 4,000.

விற்ற சரக்கின் அடக்கக் கணக்கு பற்று 2,400. ஸ்டாக் கணக்கு வரவு 2,400.

மொத்த லாபம் 1,600. ஸ்டாக்கில் மிச்சம் 60 விளக்கு, மதிப்பு 3,600.

அப்புறம் நீங்கள் சொன்ன மாதிரி விலை ஏறுகிறது. புதிதாக 60 விளக்கு, ஒன்று 70 வீதம் வாங்குகிறீர்கள், 4,200. இப்போது ஸ்டாக் 120 விளக்கு, 7,800. சராசரி எடுத்தால் ஒன்றுக்கு 65. இந்த நேரத்தில்தான் கஸ்டமர் அந்த ஐந்தைத் திருப்பி அனுப்புகிறார். முதலில் ஐந்தும் நல்ல நிலையில் வந்ததாகவே எடுத்துக்கொள்வோம், உடைந்ததைப் பிறகு பார்க்கலாம்.

விற்கும்போது இரண்டு பதிவு என்றால் திரும்பும்போதும் இரண்டுதான்:

விற்பனைத் திருப்பக் கணக்கு பற்று 500. கஸ்டமர் கணக்கு வரவு 500.

ஸ்டாக் கணக்கு பற்று 300. விற்ற சரக்கின் அடக்கக் கணக்கு வரவு 300.

முதல் பதிவு விற்ற விலையில், இரண்டாவது அடக்க விலையில். ஒரே ஐந்து விளக்குதான், ஆனால் இரண்டு பதிவிலும் தொகை வேறு வேறு. இது பலருக்கு உறுத்தும், எங்கேயோ தப்பு நடந்துவிட்டது போலத் தோன்றும், உடனே இரண்டையும் ஒரே தொகையாக்கிவிடுவார்கள். தப்பு அங்கேதான் நுழைகிறது. அந்த 500-க்கும் 300-க்கும் இடையில் இருக்கும் 200, இந்த ஐந்து விளக்கில் நீங்கள் சம்பாதித்ததாகக் கணக்கில் ஏறியிருந்த லாபம். விற்பனையே இல்லை என்று ஆன பிறகு அந்த லாபமும் போக வேண்டும்.

நான் எந்தத் திருப்பத்தையும் சரிபார்ப்பது இப்படித்தான்: பதிவுகளைப் போட்ட பிறகு மொத்த லாபம், திரும்பி வந்த பொருட்களில் முன்பு வந்த லாபம் எவ்வளவோ சரியாக அவ்வளவு மட்டும் குறைந்திருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இங்கே பாருங்கள். நிகர விற்பனை 3,500. விற்ற சரக்கின் அடக்கம் 2,400-இல் 300 போக 2,100. லாபம் 1,400. உண்மையில் விற்று நின்றது 35 விளக்கு, ஒன்றுக்கு 40 லாபம், அதுவும் 1,400. பொருந்துகிறது.

இப்போது இதே அளவுகோலை வைத்து வழக்கமான தப்புகளைப் பார்ப்போம்.

முதலாவது, விற்ற விலைக்கே ஸ்டாக்கில் ஏற்றுவது, அதாவது ஸ்டாக் பற்று 500, அடக்கக் கணக்கு வரவு 500. நிகர விற்பனை 3,500, அடக்கம் 1,900, லாபம் 1,600. சரக்கு திரும்பி வந்துவிட்டது, பணமும் வராது, ஆனால் லாபம் மட்டும் அசையாமல் முன்பிருந்த இடத்திலேயே நிற்கிறது. வராத லாபத்தை ஸ்டாக்குக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதன் இன்னொரு வடிவம், திரும்பி வந்த சரக்கைக் கொள்முதல் மாதிரி எழுதுவது. கஸ்டமரிடமிருந்து 500-க்கு வாங்கியதாகக் கொள்முதல் கணக்கில் பற்று, அவர் கணக்கில் வரவு. கஸ்டமர் பாக்கி சரியாகவே வந்துவிடும், ஸ்டாக்கில் எண்ணிக்கையும் சரியாக வரும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் விற்பனை 4,000 என்றே நிற்கும், நடக்காத கொள்முதல் ஒன்று கணக்கில் ஏறியிருக்கும், ஸ்டாக்கில் ஐந்து விளக்கு 100 வீதம் உட்கார்ந்திருக்கும், லாபம் அதே 1,600. வேலையை ஒரே பதிவில் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கடைகளில் இது நிறைய நடக்கிறது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மாதா மாதம் நடந்தால் உங்கள் விற்பனை, கொள்முதல் இரண்டுமே ஊதிப்போய், எதை வைத்தும் முடிவெடுக்க முடியாத நிலை வரும்.

இரண்டாவது தப்பு நீங்கள் இப்போது நிற்கும் இடம். முதல் பதிவைப் போட்டாயிற்று, இரண்டாவதைப் போடவில்லை. நிகர விற்பனை 3,500, அடக்கம் 2,400-ஆகவே இருக்கும், லாபம் 1,100. குறைய வேண்டியது 200, ஆனால் 500 குறைந்திருக்கிறது. அலமாரியில் ஐந்து விளக்கு இருக்கிறது, கணக்கில் இல்லை. எப்போதாவது சரக்கை எண்ணும்போது ஐந்து உபரியாக வரும். எங்கிருந்து வந்தது என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது, கடைசியில் 'ஸ்டாக் உபரி' என்று ஒரு வருமானத்தைப் போட்டு மூடுவார்கள். எண்ணும்போது காரணம் தெரியாத உபரி அடிக்கடி வருகிறது என்றால், முதலில் திருப்பப் பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும். பற்றாக்குறை வந்தால் திருட்டு, சேதம், எடுத்துக் கொடுத்ததில் பிசகு என்று பல காரணம் சொல்லலாம். உபரிக்குக் காரணங்கள் குறைவு, அவற்றில் இது முக்கியமானது.

மூன்றாவதுதான் உங்கள் கேள்வியின் மையம்: நடுவில் விலை ஏறிவிட்டது. இன்றைய சராசரி 65, கடைசியாக வாங்கிய விலை 70. இவற்றில் ஒன்றை எடுத்தால் என்ன ஆகும்? 65-க்கு ஏற்றினால் ஸ்டாக்கில் 325 கூடும், லாபம் 1,425 ஆகும். 70-க்கு ஏற்றினால் 350 கூடி, லாபம் 1,450. 35 விளக்கு விற்று 1,400-க்கு மேல் லாபம் வர வழியே இல்லை. கூடுதலாக வந்த 25-ம் 50-ம், சரக்கு திரும்பி வந்ததால் உண்டான லாபமாகத் தெரிகிறது. ஒரு விற்பனை ரத்தானதில் எப்படி லாபம் வரும்? ஆகவே 60 மட்டும்தான் நிற்கும். திரும்பி வருவது புதிதாக வாங்கிய சரக்கு இல்லை, முன்பு 60-க்கு வெளியே அனுப்பியதையே மறுபடி உள்ளே எடுக்கிறோம்.

300-ஐ ஏற்றியதும் ஸ்டாக் 125 விளக்கு, 8,100 என்று ஆகும். சராசரி முறையில் எழுதுபவருக்கு இனி ஒன்றின் அடக்கம் 64.80. அதாவது திருப்பத்துக்குப் பிறகு சராசரியைத் திரும்பவும் கணக்கிட வேண்டும், அடுத்து விற்கும் விளக்கு 64.80-க்கு வெளியே போகும். முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறையில் எழுதுபவருக்கு இன்னும் எளிது, 60 விலையுள்ள அந்தப் பழைய அடுக்கில் 60 என்று இருந்த எண்ணிக்கை 65 ஆகிறது, புதிய அடுக்கில் 60 விளக்கு 70 வீதம் அப்படியே இருக்கிறது. கூட்டினால் இங்கேயும் 8,100-தான்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. எந்த பில்லில் போன சரக்கு திரும்பி வந்தது என்று தெரியாவிட்டால் 60 என்ற எண்ணை எங்கிருந்து எடுப்பது? தினம் நூறு பேருக்குச் சில்லறையாக விற்கும் இடத்தில், பில் இல்லாமல் வரும் திருப்பத்துக்கு இன்றைய சராசரியை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்காது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். வித்தியாசம் சின்னதாக இருந்து, எப்போதும் அதே முறையைப் பின்பற்றினால் போதும். 65-க்கு ஏற்றியதால் இன்று கூடுதலாகத் தெரியும் 25, அந்த ஸ்டாக் விற்கும்போது அடக்கம் கூடுவதால் தானாகக் கழிந்துவிடும். தப்பு அழிவதில்லை, அடுத்த காலத்துக்குத் தள்ளிப்போகிறது. ஆண்டு முடிவைத் தாண்டித் தள்ளிப்போனால்தான் தொல்லை. ஆனால் 'இன்றைக்குச் சராசரி, நாளைக்குப் பழைய விலை' என்று தோன்றியபடி மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

மென்பொருளில் எழுதுபவர்கள் இதைத் தாங்களே ஒரு முறை சோதித்துப் பார்ப்பது நல்லது. பழைய பில்லோடு இணைத்துத் திருப்பம் போட்டால் அந்த பில்லின் அடக்கத்தை எடுத்துக்கொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றன. பில்லோடு இணைக்காமல் தனியாகப் போட்டால் அதே மென்பொருள் அன்றைய சராசரியையோ வேறு ஒரு விலையையோ எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொருளை விற்று, நடுவில் வேறு விலைக்கு வாங்கி, பிறகு திருப்பம் போட்டு, ஸ்டாக் மதிப்பு எவ்வளவு கூடியது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. அது 300 கூட்டுகிறதா, 325 கூட்டுகிறதா, இல்லை 500 கூட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, உடைந்த இரண்டுக்கு வருவோம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விற்பனை ரத்தானது ஒரு நிகழ்வு, சரக்கு கெட்டுப்போனது வேறு ஒரு நிகழ்வு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் மொத்த லாபம் கலங்கிவிடும். விற்பனைத் திருப்பப் பதிவு மாறவே மாறாது. கஸ்டமருக்கு ஐந்துக்கும் சேர்த்து 500 வரவு வைக்க ஒப்புக்கொண்டீர்கள் என்றால், உடைந்ததோ உடையாததோ 500-தான். அடக்கக் கணக்கிலிருந்தும் ஐந்துக்குமான 300 வெளியே வர வேண்டும், ஏனென்றால் ஐந்துமே விற்கப்படவில்லை. அந்த 300 எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் மாறும்.

நல்ல மூன்று விளக்கு 180-க்கு ஸ்டாக்குக்குப் போகிறது. உடைந்த இரண்டின் அடக்கம் 120. அதை அப்படியே ஸ்டாக்கில் வைக்க முடியாது. சர்வதேச கணக்கியல் தரம் ஐஏஎஸ் 2 சொல்வதும் அதைத்தான்: சரக்கை அடக்க விலை, விற்றால் செலவு போகக் கையில் நிற்கும் தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மதிப்பிட வேண்டும். உடைந்த விளக்கை உதிரிக்காக யாராவது ஒன்று 15-க்கு எடுத்துக்கொள்வார் என்றால், இரண்டுக்கும் 30. மீதி 90 நஷ்டம். ஆகப் பதிவு:

ஸ்டாக் கணக்கு பற்று 180, சேத ஸ்டாக் கணக்கு பற்று 30, சேத நஷ்டக் கணக்கு பற்று 90; விற்ற சரக்கின் அடக்கக் கணக்கு வரவு 300.

மொத்த லாபம் இப்போதும் 1,400. அதற்குக் கீழே 90 நஷ்டம் தனியாகத் தெரிகிறது. இப்படிப் பிரித்து எழுதினால்தான், 'வியாபாரத்தில் மார்ஜின் குறைகிறதா, இல்லை சரக்கு உடைந்து வருவதால் அடிவாங்குகிறேனா' என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். நஷ்டத்தை அடக்கக் கணக்கிலேயே விட்டுவிட்டால், அதாவது 210 மட்டும் திருப்பி எடுத்தால், வரி கட்டும் லாபம் ஒன்றுதான், ஆனால் மார்ஜின் குறைந்ததற்குக் காரணம் விலையா, கட்டி அனுப்புவதில் கோளாறா என்று பிரித்தறிய முடியாது. சின்ன வியாபாரத்தில் இந்தப் பிரிவு வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அனுப்பும் அட்டைப்பெட்டியை மாற்ற வேண்டுமா என்பது இந்த ஒரு கணக்கைப் பார்த்துத்தான் தெரியும்.

உடைந்ததற்குக் காரணம் தயாரிப்புக் குறை, உங்களுக்கு விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டுவிட்டார் என்றால் நஷ்டம் எழுத வேண்டியதில்லை. 120-ஐ சேத ஸ்டாக் கணக்கில் அதே அடக்கத்துக்கு வைத்திருந்து, அவருக்கு அனுப்பியதும் அவர் கணக்கில் பற்று, சேத ஸ்டாக்கில் வரவு. அவர் 60-க்கு விற்றதை 60-க்கே எடுத்துக்கொள்வார். ஆனால் 'எடுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்' என்ற நிலையில் இதைச் செய்யாதீர்கள், அவர் ஒப்புக்கொண்ட பிறகு செய்யுங்கள். ஒப்புக்கொள்ளாத பாக்கியைச் சொத்தாக வைத்திருந்தால் ஒரு நாள் மொத்தமாகத் தள்ள வேண்டி வரும்.

கஸ்டமர் உடைந்த விளக்கைத் திருப்பாமல், 'விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொடுங்கள், நானே வைத்துக்கொள்கிறேன்' என்று சொல்வதும் உண்டு. அது திருப்பமே இல்லை, விலைத் தள்ளுபடி. முதல் பதிவு மட்டும் போதும்: தள்ளுபடித் தொகைக்கு விற்பனைத் தள்ளுபடி பற்று, கஸ்டமர் வரவு. சரக்கு உங்களிடம் வராததால் ஸ்டாக்கைத் தொடவே கூடாது. கிரெடிட் நோட் எழுதினாலே ஸ்டாக்கும் கூட வேண்டும் என்ற பழக்கத்தில் இரண்டாவது பதிவையும் போட்டுவிட்டு, எண்ணும்போது குறைகிறதே என்று தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டாக் கணக்கைத் தொடர்ந்து எழுதாமல், வருடக் கடைசியில் எண்ணி மட்டும் மதிப்பிடுபவராக நீங்கள் இருந்தால், இரண்டாவது பதிவே கிடையாது. 'விற்ற சரக்கின் அடக்கம்' என்று ஒரு கணக்கே உங்கள் பேரேட்டில் இருக்காது. விற்பனைத் திருப்பம் பற்று, கஸ்டமர் வரவு, அவ்வளவுதான். திரும்பி வந்த ஐந்து விளக்கும் அலமாரியில் இருக்கும், கடைசி நாள் எண்ணும்போது இறுதிச் சரக்கிருப்பில் சேரும், அடக்கம் தானாகச் சரியாகிவிடும். நம் கணக்கில் ஐந்தும் நல்லதாக வந்ததாக வைத்தால், ஆரம்ப இருப்பு 6,000, கொள்முதல் 4,200, இறுதி இருப்பு பழைய விலையில் 65, புதிய விலையில் 60, ஆக 8,100. கூட்டிக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் 2,100. தொடர்ந்து எழுதியவருக்கு வந்த அதே எண்.

ஆனால் இந்த முறையில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாமே அந்த ஒரு நாள் எண்ணுவதை நம்பி இருப்பதால், கடைசி நாளை ஒட்டி வரும் திருப்பம் கணக்கைக் கவிழ்த்துவிடும். ஐந்து விளக்கு கடைசி நாள் மாலை வந்து இறங்குகிறது. எண்ணுபவர் அதையும் சேர்த்து எண்ணிவிடுகிறார். கிரெடிட் நோட்டோ அடுத்த வாரம் எழுதப்படுகிறது, தேதி அடுத்த ஆண்டில் விழுகிறது. இப்போது இந்த ஆண்டில் விற்பனை 4,000 முழுசாக நிற்கிறது, அதே விளக்குகள் ஸ்டாக்கிலும் இருக்கின்றன. லாபம் 1,900. உண்மையைவிட 500 கூடுதல். ஒரே விளக்கு விற்றதாகவும் இருக்கிறது, விற்காததாகவும் இருக்கிறது. ஆகவே கடைசி நாளுக்கு முன்னும் பின்னும் சில நாட்களுக்கு வந்த எல்லாத் திருப்பங்களையும் எடுத்து, சரக்கு வந்த தேதியையும் கிரெடிட் நோட் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆண்டில் இருக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர்களும் இதைத் தேடித்தான் அந்தச் சில நாட்களின் கிரெடிட் நோட்டுகளைக் கேட்பார்கள்.

இதைத் தவிர்க்க எளிய வழி, சரக்கு வந்து இறங்கும்போதே ஒரு சீட்டு எழுதுவது. வந்த தேதி, பழைய பில் எண், எத்தனை, அதில் எத்தனை நல்லது எத்தனை சேதம், ஒன்றின் அடக்கம். இந்தச் சீட்டு உங்களுக்கு மட்டும், கஸ்டமருக்குப் போகாது. அவருக்குப் போவது கிரெடிட் நோட், அதில் விற்ற விலை மட்டும் இருக்கும். முதல் பதிவுக்கு ஆதாரம் கிரெடிட் நோட், இரண்டாவது பதிவுக்கு ஆதாரம் இந்தச் சீட்டு. கஸ்டமர் போனில் 'திருப்பி அனுப்புகிறேன்' என்று சொன்னதை வைத்து எதையும் எழுத வேண்டாம். சரக்கு வந்து, பிரித்துப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். ஐந்து என்று சொல்லி நான்கு வருவதும், நல்லது என்று சொல்லி உடைந்தது வருவதும் சகஜம்.

கிரெடிட் நோட்டில் போடும் விலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். விலைப்பட்டியலில் உள்ள விலையைப் பார்க்காதீர்கள், அந்த பில்லில் தள்ளுபடி போக உண்மையில் என்ன போட்டீர்களோ அதுதான். பணம் சீக்கிரம் கட்டியதற்காகப் பிறகு கொடுத்த ரொக்கத் தள்ளுபடி இருந்தால் அதையும் விகிதப்படி திரும்ப எடுக்க வேண்டும். கஸ்டமர் 2 சதவீதம் கழித்து 3,920 கட்டியிருந்தார் என்றால், ஐந்து விளக்குக்கு அவரிடமிருந்து வந்தது 490. திருப்பிக் கொடுப்பதும் 490. பதிவில் விற்பனைத் திருப்பம் பற்று 500, ரொக்கம் வரவு 490, கொடுத்த தள்ளுபடி வரவு 10. விற்றபோது வரி வசூலித்திருந்தால், உங்கள் நாட்டு வரிச் சட்டம் அனுமதிக்கும் கெடுவுக்குள் அந்த விகித வரியையும் திருப்ப வேண்டும். வரி 10 சதவீதம் என்றால் கஸ்டமருக்கு வரவு 550, அதில் 500 விற்பனைத் திருப்பத்திலும் 50 வரிக் கணக்கிலும் பற்று. வசூலித்த வரி முதல் பதிவோடு மட்டும் ஒட்டியது. இரண்டாவது பதிவான ஸ்டாக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அங்கே அதே 300-தான். திருப்பி எடுத்து வர நீங்கள் வண்டிக்கூலி கொடுத்திருந்தாலும் அதை விளக்கின் அடக்கத்தில் சேர்க்காதீர்கள், அது செலவு. சேர்த்தால் ஒரு முறை திரும்பி வந்த விளக்கு புது விளக்கைவிட மதிப்புள்ளதாக ஆகிவிடும்.

விற்பனைத் திருப்பத்தை விற்பனைக் கணக்கிலேயே நேரடியாகக் கழிக்கலாமே, தனிக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். கழித்தாலும் லாபம் மாறாது. ஆனால் 4,000 விற்று 500 திரும்பியது என்பதற்கும் 3,500 மட்டும் விற்றது என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. எட்டில் ஒரு பங்கு திரும்பி வருகிறது என்ற செய்தி தனிக் கணக்கில்தான் தெரியும். ஆண்டு முடிவில் விற்பனையிலிருந்து கழித்துக் காட்டிக்கொள்ளலாம்.

உங்கள் விஷயத்தில் முதல் பதிவு ஏற்கெனவே இருக்கிறது. அதை எழுதிய தேதியைப் பார்த்து, ஸ்டாக்கைத் தொடர்ந்து எழுதுபவராக இருந்தால் அதே மாதத்துக்குள் இரண்டாவதையும் போடுங்கள்: பழைய பில்லை எடுத்து அன்றைய அடக்கத்தைக் கண்டுபிடித்து, மூன்றை ஸ்டாக்கிலும் இரண்டைச் சேத ஸ்டாக்கிலும். இந்த ஐந்தும் போன ஆண்டு விற்றவையாக இருந்து, அந்த ஆண்டுக் கணக்கை ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள் என்றால், பழைய ஆண்டைத் திறக்க வேண்டாம். இரண்டு பதிவையும் இந்த ஆண்டிலேயே போடுங்கள், ஆனால் அடக்கம் போன ஆண்டு வெளியே போன விலைதான். கணக்கை இன்னும் முடிக்கவில்லை, தொகையும் பெரிது என்றால் போன ஆண்டிலேயே சரிசெய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் உரிமையோடுதான் எப்போதும் விற்கிறீர்கள், ஒவ்வொரு ஆண்டும் கணிசமாகத் திரும்பி வருகிறது என்றால், வருவதற்கு முன்பே மதிப்பிட்டு எழுத வேண்டும் என்று 2018 முதல் நடப்பில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசத் தரம் சொல்கிறது. அந்தத் தரத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதன் உள்ளேயும் இதே இரண்டு பதிவுதான் இருக்கிறது: திருப்பிக் கொடுக்க வேண்டி வரும் தொகை விற்ற விலையில் ஒரு கடனாக, திரும்பி வரக்கூடிய சரக்கு அடக்க விலையில், மீட்கும் செலவும் எதிர்பார்க்கும் சேதமும் போக, ஒரு சொத்தாக.